ஊசி குத்திவிட்டால்: முதல் நிமிடம் முதல் ஆறாம் மாதம் வரை

வார்டில் சேர்ந்து மூன்று வாரங்களே ஆன ஒரு பயிற்சிச் செவிலியரை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு அவர் நோயாளி ஒருவரின் முழங்கை மடிப்பில் இருக்கும் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கையில் இருந்த ஊசியைப் போடுவதற்குப் பெட்டியைத் தேடித் திரும்புகிறார். பெட்டி கட்டிலின் மறுபக்கம் இருக்கிறது. அந்த நேரத்தில் நோயாளி கையை அசைக்க, ஊசி கையுறையைத் துளைத்துச் செவிலியரின் இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிடுகிறது. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். இந்தக் காயத்துக்கு அடுத்த சில மணி நேரங்களிலும் அடுத்த ஆறு மாதங்களிலும் செய்ய வேண்டியவை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். மேலே சொன்னது கற்பனை நிகழ்வுதான். ஆனால் இதே வரிசையில் நடந்த காயங்களை நான் பலமுறை பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் ஒரே ஊசி வழியாக வரக்கூடியவை என்றாலும், அவை நம்மிடம் கேட்கும் கேள்விகள் வேறு வேறானவை. எச்.ஐ.வி. ‘எத்தனை மணிக்கு மாத்திரை போட்டாய்?’ என்று கேட்கிறது. ஹெபடைடிஸ் பி ‘உன் உடலில் எதிர்ப்பொருள் இருக்கிறதா?’ என்று கேட்கிறது. ஹெபடைடிஸ் சி-க்கு முன்கூட்டியே கொடுக்கும் மருந்து எதுவும் இல்லை. ‘சரியான வாரத்தில் சோதித்தாயா?’ என்பது மட்டுமே அதன் கேள்வி. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பயப்படுபவர்கள்தான் எச்.ஐ.வி. மாத்திரையைத் தாமதமாகத் தொடங்கி, ஹெபடைடிஸ் பி-யை மறந்தே போகிறார்கள்.

விரலில் இருந்து தொடங்குங்கள்

கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, ஊசியை முதலில் பாதுகாப்பாகப் பெட்டியில் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்கும் குத்தும். பிறகு கையுறையைக் கழற்றி, குழாய் நீரை ஓடவிட்டு, சாதாரண சோப்பினால் காயத்தை நன்றாகக் கழுவ வேண்டும். ரத்தம் தானாக வந்தால் வரட்டும். ஆனால் விரலைப் பிழிய வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. பிழிவதால் வைரஸ் வெளியே வரும் என்பதற்குச் சான்று இல்லை, திசுதான் மேலும் நசுங்கும். பிளீச் போன்ற காரமான திரவங்களைக் காயத்தில் ஊற்றுவதும் தோலைப் புண்ணாக்குமே தவிரப் பாதுகாப்பைக் கூட்டாது. ரத்தம் கண்ணிலோ வாயிலோ தெறித்திருந்தால், சோப்பு இல்லாமல் தண்ணீராலோ சலைனாலோ சில நிமிடங்கள் தொடர்ந்து கழுவுங்கள்.

கழுவி முடித்ததும் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். ‘சின்னக் குத்துதானே’ என்று ட்யூட்டி முடியும்வரை தள்ளிப்போடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் எனக்கும் ஒருமுறை ஊசி குத்தியது. திட்டு வாங்க வேண்டுமே என்ற தயக்கத்தில் அன்று மாலைவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த நோயாளி அதற்குள் வீடு திரும்பிவிட்டார். அவர் ரத்தத்தைச் சோதித்திருந்தால் ஒரே மணி நேரத்தில் தெரிந்திருக்கக்கூடிய விஷயத்துக்காக நான் ஆறு மாதம் காத்திருக்க நேர்ந்தது.

பதிவில் எழுத வேண்டியவை குறைவு, ஆனால் அவை சரியாக இருக்க வேண்டும். குத்திய நேரம், துளையுள்ள ஊசியா தையல் ஊசி போன்ற துளையற்றதா, அதில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா, அது நோயாளியின் சிரைக்குள்ளோ தமனிக்குள்ளோ இருந்த ஊசியா, எவ்வளவு ஆழமாகக் குத்தியது, கையுறை போட்டிருந்தாரா ஆகியவற்றையே மருத்துவர் கேட்பார். நம் செவிலியரின் ஊசி துளையுள்ளது, சிரையிலிருந்து அப்போதுதான் எடுத்தது, உள்ளே ரத்தம் இருந்தது. ஆகவே இதை இலேசான காயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆபத்து எவ்வளவு

பழைய வகுப்புகளில் ‘முப்பது, மூன்று, பூஜ்ஜியம் புள்ளி மூன்று’ என்று மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதாவது ஹெபடைடிஸ் பி 30 சதவீதம், சி 3 சதவீதம், எச்.ஐ.வி. 0.3 சதவீதம். வரிசை இன்றும் சரியானதே, ஆனால் எண்களைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஹெபடைடிஸ் பி-யில் எல்லாம் குத்துப்பட்டவரின் எதிர்ப்புச் சக்தியைப் பொறுத்தது. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதைக் காட்டும் ‘ஈ ஆன்டிஜென்’ பாசிட்டிவாக உள்ள நோயாளியின் ஊசி குத்தினால், 100 பேரில் 37 முதல் 62 பேருக்குத் தொற்று ஏற்படலாம். அதில் 22 முதல் 31 பேருக்கு நோயின் அறிகுறிகளே தெரியலாம். ஈ ஆன்டிஜென் இல்லாத நோயாளி என்றால் தொற்று 100-க்கு 23 முதல் 37 ஆகவும், அறிகுறியுடன் கூடிய நோய் 1 முதல் 6 ஆகவும் குறைகிறது. தடுப்பூசிக்கு முறையாகப் பதில் தந்த உடலில் இந்த ஆபத்து ஏறத்தாழ இல்லாமல் போகிறது. உலர்ந்த ரத்தக் கறையிலும் இந்த வைரஸ் ஒரு வாரம்வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும் என்பதால், ‘ரத்தம் காய்ந்துபோன ஊசிதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

ஹெபடைடிஸ் சி-க்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட சராசரி 1.8 சதவீதம். பிற்கால ஆய்வுகளில் அது 0.2 சதவீதமாக, அதாவது ஆயிரம் குத்துகளில் சுமார் இரண்டாகக் குறைந்து மதிப்பிடப்பட்டுள்ளது. எச்.ஐ.வி.-யில் ஆயிரத்தில் சுமார் மூன்று. கண், வாய் போன்ற சளிப்படலத்தில் ரத்தம் பட்டால் பத்தாயிரத்தில் ஒன்பது. இவை சராசரிகள் மட்டுமே. 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆழமான காயம், கருவியில் கண்ணுக்குத் தெரிந்த ரத்தம், ரத்தக்குழாயில் இருந்த ஊசி, நோயின் இறுதிக் கட்டத்தில் உள்ள நோயாளி ஆகிய நான்கும் எச்.ஐ.வி. ஆபத்தைக் கூட்டுவதாகவும், குத்துக்குப் பிறகு சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுத்தவர்களுக்கு ஆபத்து சுமார் 81 சதவீதம் குறைந்ததாகவும் காட்டியது. நோயாளி முறையாக மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் ஆபத்து மிகவும் குறையும். ஆனாலும் அதை மட்டும் நம்பித் தடுப்பு மருந்தை விட்டுவிடுவதில்லை.

இரண்டு ரத்த மாதிரிகள்

இப்போது இரண்டு பேரின் ரத்தம் தேவை: நோயாளியினுடையதும் செவிலியருடையதும். நோயாளியிடம் நடந்ததை எளிமையாகச் சொல்லி, எதற்காகச் சோதிக்கிறோம் என்று விளக்கி, அவர் சம்மதத்தைப் பெற்ற பிறகே எடுக்க வேண்டும். பெரும்பாலானோர் தயங்காமல் சம்மதிப்பார்கள். அவரிடம் பார்க்க வேண்டியவை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி-யின் மேற்பரப்பு ஆன்டிஜென், ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்று. ஹெபடைடிஸ் சி-யில் எதிர்ப்பொருள் சோதனை மட்டும் போதாது. முடிந்தால் வைரஸின் ஆர்.என்.ஏ.-வையே தேட வேண்டும். அண்மையில் தொற்றியவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றுமுன் வைரஸ் இருக்கலாம். முன்பே குணமானவரின் ரத்தத்தில் வைரஸ் போன பிறகும் எதிர்ப்பொருள் நீடிக்கலாம். ஊசியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல வேண்டாம். அதன் முடிவை நம்ப முடியாது, அதைக் கையாள்பவருக்கும் ஆபத்து.

செவிலியரின் ரத்தத்தையும் அன்றே எடுப்பது, அவருக்கு முன்பே தொற்று இல்லை என்று பதிவு செய்வதற்காக. ஆறு மாதம் கழித்து ஏதாவது பாசிட்டிவ் வந்தால், அது இந்தக் குத்தால் வந்ததா என்பதை முதல் நாள் மாதிரிதான் சொல்லும். அவரிடம் மூன்று வைரஸ்களோடு ஹெபடைடிஸ் பி எதிர்ப்பொருளின் அளவும், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என அறிய கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினைப் போடுவதற்கு முன்பே இந்த மாதிரி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த மருந்தே எதிர்ப்பொருளால் ஆனது என்பதால், போட்ட பிறகு அளந்தால் அவருடைய சொந்த எதிர்ப்பொருள் எவ்வளவு என்று தெரியாது.

எச்.ஐ.வி.: கடிகாரத்தோடு

தடுப்பு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே இலக்கு. 72 மணி நேரத்தைத் தாண்டிய பிறகு பொதுவாகத் தொடங்குவதில்லை. வைரஸ் முதலில் குத்திய இடத்துச் செல்களில் நுழைந்து, பிறகு நிணநீர் முடிச்சுகளுக்குப் பயணம் செய்து, அங்கிருந்து உடல் முழுவதும் பரவுகிறது. அந்தச் சிறிய இடைவெளியில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் பரவலைத் தடுக்க முடியும்.

நம் செவிலியர் பத்தே கால் மணிக்கு அவசரப் பிரிவுக்குப் போய்விட்டார். நோயாளியின் எச்.ஐ.வி. முடிவு வர மாலையாகும் என்கிறார்கள். காத்திருக்கலாமா? கூடாது. முடிவு தெரியாத நிலையில், காயம் ஆபத்தான வகையாக இருந்தால், முதல் மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நெகட்டிவ் என்று வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அதில் இழப்பு ஒன்றிரண்டு மாத்திரைகள் மட்டுமே. இன்று பல வழிகாட்டல்கள் பரிந்துரைப்பது டெனோஃபோவிர், லாமிவுடின் (அல்லது எம்ட்ரிசிடபின்), டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றின் கூட்டு. ஒரு நாளைக்கு ஒருமுறை, மொத்தம் 28 நாட்கள். மருந்துகளைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை; சிறுநீரகக் கோளாறோ வேறு மருந்துகளோ இருந்தால் தேர்வு மாறும். நோயாளி ஏற்கெனவே எச்.ஐ.வி. மருந்து எடுப்பவரானால், அவர் எந்த மருந்து எடுக்கிறார், அவரது வைரஸ் எதற்காவது எதிர்ப்புக் காட்டுகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

28 நாள் மாத்திரையில் பலர் தடுக்கி விழுவது பக்க விளைவாலும் மறதியாலும்தான். குமட்டலோ தலைவலியோ தூக்கமின்மையோ வந்தால் நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சமாளிக்கலாம். டோலுடெக்ராவிரைப் பொறுத்தவரை ஒரு சிறு எச்சரிக்கை: அமில நீக்கி, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அமில நீக்கிக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரைப் போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஒரு கரண்டி மருந்து குடித்துவிட்டுத் தடுப்பு மாத்திரையையும் உடனே விழுங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டையும் சரியாகத்தான் எடுப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நம் செவிலியர் பதினொன்றே காலுக்கு முதல் மாத்திரையைப் போட்டார். மாலை ஆறு மணிக்கு, ஆன்டிஜெனையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனை நோயாளிக்கு நெகட்டிவ் என்று வந்தது. அண்மை வாரங்களில் அவருக்குப் புதிதாகத் தொற்று வந்திருக்கக் காரணமோ, அதற்குரிய காய்ச்சலோ இல்லை என்று விசாரித்து அறிந்த பிறகு மாத்திரை நிறுத்தப்பட்டது. அப்படிக் காரணம் இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

நோயாளி பாசிட்டிவ் என்றோ யாரென்றே தெரியாதவர் என்றோ இருந்திருந்தால், செவிலியரின் எச்.ஐ.வி. சோதனையை ஆறாம் வாரத்திலும் பிறகு மூன்று முதல் நான்கு மாதங்களிலும் செய்வார்கள். ஆன்டிஜென் சேர்ந்த சோதனை இல்லாத இடங்களில் ஆறு மாதம்வரை நீட்டிப்பார்கள். அந்தக் காலத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, நெறிகட்டுதல் எல்லாம் சேர்ந்து வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்து காட்ட வேண்டும். இறுதிச் சோதனை முடியும்வரை ஆணுறை பயன்படுத்துவதும், ரத்தம் தானம் செய்யாதிருப்பதும் அவசியம்.

ஹெபடைடிஸ் பி: முடிவு உங்கள் எதிர்ப்பொருளில்

இப்போது அன்று பிற்பகலில் வந்த மற்ற முடிவுகள்: நோயாளியின் ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் பாசிட்டிவ். செவிலியர் மூன்று தவணைத் தடுப்பூசியும் போட்டவர், ஆனால் பிறகு எதிர்ப்பொருள் அளவைச் சோதித்ததே இல்லை. புதியவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ‘போட்டாச்சு’ என்பதை ‘பலித்தாச்சு’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

எல்லை மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு. முன்பு எப்போதாவது தடுப்பூசிக்குப் பிறகு 10 அல்லது அதற்கு மேல் என்று பதிவாகியிருந்தால், பிற்பாடு அளவு இறங்கியிருந்தாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உடலின் நினைவாற்றல் காப்பாற்றும். பதிவே இல்லையென்றால் இப்போது அளக்க வேண்டும். நம் செவிலியருக்கு அளவு 4 என்று வந்தது. எனவே அவருக்கு இரண்டு விதமான பாதுகாப்பு ஒருங்கே வேண்டும்: தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஒரு தவணை, அதோடு மறுபடி தடுப்பூசி வரிசை. முந்தையது அந்த நேரத்துக்கு, பிந்தையது நீண்ட காலத்துக்கு. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.06 மில்லிலிட்டர், 50 கிலோ எடையுள்ள அவருக்கு 3 மில்லிலிட்டர். மருந்துக்கு மருந்து செறிவு மாறக்கூடும் என்பதால் பெட்டியில் உள்ள குறிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் தசையில், வெவ்வேறு இடங்களில் போடப்பட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கலாம். இம்யூனோகுளோபுலினை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. ஏழு நாட்களுக்குப் பிறகு அதன் பலன் உறுதியில்லை. கர்ப்பமும் பாலூட்டுதலும் இரண்டுக்கும் தடையல்ல.

தடுப்பூசியே போடாதவருக்கும் இதே இரண்டும்தான். இரண்டு முழு வரிசை போட்டும் எதிர்ப்பொருள் உருவாகாதவருக்குத் தடுப்பூசிக்குப் பதிலாக, ஒரு மாத இடைவெளியில் இம்யூனோகுளோபுலின் இரண்டு தவணை கொடுப்பார்கள்.

செவிலியரின் புதிய தடுப்பூசி வரிசை பூஜ்ஜியம், ஒன்று, ஆறு மாதங்கள் என்று முடிந்து, அதற்கு ஒன்று அல்லது இரண்டு மாதங்கள் கழித்து எதிர்ப்பொருளை மீண்டும் அளக்க வேண்டும். அதற்கு முன் அளந்தால் இம்யூனோகுளோபுலினின் எச்சத்தையே அளந்ததாகிவிடும். தொற்று ஏற்பட்டதா என்பதை அறிய ஆறாம் மாத அளவில் மேற்பரப்பு ஆன்டிஜெனும் உட்கரு எதிர்ப்பொருளும் பார்க்கப்படும். இடையில் கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே வர வேண்டும். இந்நோய் அறிகுறி காட்டச் சராசரியாக மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது.

எச்.ஐ.வி. மாத்திரையோடு தொடர்புள்ள ஒரு நுணுக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்குபவை. ஆகவே குத்துப்பட்டவருக்கே முன்பிருந்து ஹெபடைடிஸ் பி தொற்று இருந்தது என்று முதல் நாள் ரத்தத்தில் தெரிந்தால், 28 நாள் மாத்திரையை நிறுத்தும்போது கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பலாம். நிறுத்துவதைக் கல்லீரல் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஹெபடைடிஸ் சி: காத்திருப்பதும் ஒரு முறை

மூன்றாம் நாள் நோயாளியின் ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ.-வும் பாசிட்டிவ் என்று வந்தது. செவிலியரின் முதல் கேள்வி, ‘இதற்கு என்ன மருந்து?’ என்பதுதான். இப்போதைக்கு எதுவும் இல்லை. தடுப்பூசி இல்லை, இம்யூனோகுளோபுலின் பலன் தராது, நோய்க்கான மாத்திரைகளை முன்கூட்டியே கொடுக்கவும் பரிந்துரையில்லை. ஆயிரத்தில் இருவருக்கு வரக்கூடிய தொற்றுக்கு ஆயிரம் பேருக்கும் மருந்து கொடுப்பதைவிட, வந்தவரைக் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிப்பது மேல் என்பதே இதன் கணக்கு. நேரடியாக வைரஸைத் தாக்கும் இன்றைய மாத்திரைகள் 8 முதல் 12 வாரங்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களைக் குணப்படுத்துவதால் இந்தக் காத்திருப்பு நியாயமாகிறது.

சோதனைக்கான தேதிகளைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டும். வைரஸ் உடலில் நுழைந்த ஒன்று, இரண்டு வாரங்களில் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் தெரியத் தொடங்கும். எதிர்ப்பொருள் உருவாக எட்டு முதல் பதினொரு வாரங்கள் ஆகும். எனவே முதல் இரண்டு நாட்களுக்குள் அடிப்படைச் சோதனை, மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் ஆர்.என்.ஏ. சோதனை, நான்கு முதல் ஆறு மாதங்களில் எதிர்ப்பொருள் சோதனை என்று மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் வந்தால் அதே மாதிரியில் ஆர்.என்.ஏ.-வையும் பார்ப்பார்கள். நடுச் சோதனை நெகட்டிவ் வந்ததும் ‘முடிந்தது’ என்று கடைசிச் சோதனைக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. வைரஸ் சில சமயம் விட்டுவிட்டுத் தெரியும். நடுவில் எடுத்த ஒரு மாதிரியில் தென்படவில்லை என்பதை இறுதித் தீர்ப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

நம் செவிலியருக்கு ஐந்தாம் வாரத்தில் ஆர்.என்.ஏ. இல்லை. ஐந்தாம் மாதத்தில் எதிர்ப்பொருளும் இல்லை. ஆறாம் மாதத்தில் ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் நெகட்டிவ். அன்றே தடுப்பூசியின் கடைசித் தவணையும் போட்டார்கள். எட்டாம் மாதத்தில் அளந்த எதிர்ப்பொருள் அளவு 210. அந்த எண்ணை அவர் தன் தடுப்பூசி அட்டையில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அடுத்த முறை ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி-க்காக யாரும் அவர் ரத்தத்தை எடுக்க வேண்டியிருக்காது.